கண் ஊசி மூன்றோடு முடியுமா? சர்க்கரை வீக்கம், செலவு, தவறிப்போகும் தேதிகள்

சாத்தூர் மகள் | 2024 ஜூன் 9

அப்பாவுக்கு 64 வயது. சர்க்கரை வந்து 17 வருடம் ஆகிறது. வலது கண்ணில் நடு நரம்பு, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, வீங்கி நீர் கோத்திருக்கிறது என்று மதுரையில் ரெட்டினா டாக்டர் சொன்னார். அதன் தடிமனைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில் வலது கண் 486 மைக்ரான், இடது கண் 335. பார்வை வலதில் 6/18, இடதில் 6/7.5. வலது கண்ணுக்கு உடனே ஊசி, இடது கண்ணைக் கவனித்துக்கொண்டு இருக்கலாம் என்கிறார்.

கவுன்சலர் மேடம் ஒரு தாளில் மூன்று விலை எழுதிக் கொடுத்தார். அவாஸ்டின் என்றால் தியேட்டர் கட்டணம் சேர்த்து 6,000. உள்நாட்டில் தயாராகும் ராணிபிசுமாப் 14,000. அஃப்லிபெர்செப்ட் 50,000. மாதம் ஒன்று வீதம் முதலில் மூன்று போட்டுப் பார்ப்போம் என்றார்.

வீட்டில் எல்லோரும் மூன்று ஊசியோடு வேலை முடிந்தது என்றே நினைக்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது விலை கூடினதையே மூன்று போட்டுவிடு, கண் விஷயத்தில் கணக்கு பார்க்காதே என்கிறார் சித்தப்பா. நேரில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். மூன்றோடு முடிகிறதா?

புதுக்கோட்டை ராஜா | 2024 ஜூன் 9

எங்கள் அம்மாவுக்கும் ஊசிதான். காலையில் 20 யூனிட், ராத்திரி 12. மூன்றோடு எல்லாம் நிற்காது, ஆயுசுக்கும் போட வேண்டும். ஆனால் 6,000 என்பது ரொம்ப அதிகம், மருந்துக்கடையில் விசாரியுங்கள்.

சாத்தூர் மகள் | 2024 ஜூன் 9

அண்ணா, நீங்கள் சொல்வது இன்சுலின். நான் கேட்பது கண்ணுக்குள்ளேயே போடும் ஊசி.

ராஜா | 2024 ஜூன் 9

கண்ணுக்குள்ளேயா! சரி, எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கு நல்லபடியாக ஆகட்டும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2024 ஜூன் 10

நான் ரெட்டினா பிரிவு ஊசி தியேட்டரில் பல வருடம் வேலை பார்த்தவள். மூன்றோடு முடிபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. அதை நம்பிப் பணத்தைப் பிரிக்காதீர்கள்.

அமெரிக்காவில் இந்த மூன்று மருந்துகளையும் நேருக்கு நேர் வைத்து 660 பேரிடம் ஓர் ஆய்வு செய்தார்கள், 2015-ல் வெளிவந்தது. எந்த மருந்தானாலும் முதல் வருடத்தில் ஒரு கண்ணுக்கு 9, 10 ஊசி தேவைப்பட்டது. இரண்டாம் வருடத்தில் அது 5, 6 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய இன்னொரு ஆய்வில் ஐந்து வருடம் பின்தொடர்ந்தபோது நான்காம், ஐந்தாம் வருடங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. ஆக, முதல் வருடம் மலை ஏறுவது போலத்தான், பிறகு தரை சமமாகும். ஆயுசுக்கும் மாதாமாதம் என்று பயப்படவும் வேண்டாம், மூன்றில் முடியும் என்று நம்பவும் வேண்டாம்.

மருந்து கண்ணுக்குள் நான்கைந்து வாரம் வேலை செய்யும். பிறகு கரைந்துவிடும். வீக்கத்தை உண்டாக்கும் காரணம், அதாவது ரத்தம் போதாமல் தவிக்கும் விழித்திரை, அப்படியேதான் இருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

சாத்தூர் மகள் | 2024 ஜூன் 11

சிஸ்டர் சொன்னதை வைத்து நேற்று ராத்திரி கணக்குப் போட்டேன். ஒரு கண்ணுக்கு முதல் வருடம் 9 ஊசி என்று வைத்தேன்.

அவாஸ்டின் என்றால் 54,000. ராணிபிசுமாப் என்றால் 1,26,000. அஃப்லிபெர்செப்ட் என்றால் 4,50,000. இது ஊசிக்கு மட்டும். மாதம் ஒரு தடவை போய் வர வேண்டும். ஸ்கேனும் கன்சல்டேஷனும் சேர்ந்து 1,800, மதுரைக்குக் கார், சாப்பாடு 1,000. பன்னிரண்டு தடவைக்கு 33,600 ஆகிறது. எந்த மருந்து என்றாலும் இந்தச் செலவு மாறாது. எஸ்டிமேட் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சித்தப்பா சொல்கிறபடி விலை கூடினதை மூன்று போட்டால் 1,50,000. அதோடு கையிருப்பு காலி. நான்காவது மாதம் வீக்கம் திரும்பினால் என்ன செய்வது? அதே பணத்தில் அவாஸ்டின் என்றால் போக்குவரத்து உட்பட ஒரு வருடம் முழுக்கப் போட்டு, மீதியும் கையில் நிற்கும்.

"எந்த ஊசி நல்லது" என்று கேட்பதை விட "எந்த ஊசியை ஒரு வருடம் விடாமல் போட முடியும்" என்று கேட்பதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

(இவை எங்களுக்குச் சொன்ன விலை. ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். உங்கள் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

மண்வாசனை | 2024 ஜூன் 11

இதெல்லாம் வியாபாரம். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் வீக்கம் தானாக வடியும். என் மைத்துனருக்கும் நீர் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். அவர் ஊசியே போடவில்லை. அரிசியை நிறுத்தினார், நடந்தார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது நன்றாக இருந்தது.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2024 ஜூன் 12

மண்வாசனை சார், உங்கள் மைத்துனருக்கு அப்போது பார்வை எவ்வளவு இருந்தது?

மண்வாசனை | 2024 ஜூன் 12

கடைசி வரி வரை படித்தாராம். 6/6 என்று சீட்டில் இருந்தது.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2024 ஜூன் 12

அதுதான் வித்தியாசம். நீங்கள் சொன்னதில் பாதி சரி. வீக்கம் இருந்தும் பார்வை 6/7.5 அல்லது அதைவிட நன்றாக இருந்தால், ஊசி போடாமல் காத்திருக்கலாம். 2019-ல் வந்த ஓர் ஆய்வில் அப்படிப்பட்ட 702 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஊசி, ஒரு பிரிவுக்கு லேசர், ஒரு பிரிவை வெறுமனே கவனித்தார்கள். இரண்டு வருட முடிவில் பார்வை குறைந்தவர்கள் மூன்று பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் அதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. கவனித்துக்கொண்டு இருந்த பிரிவில் மூன்றில் ஒருவருக்குப் பார்வை குறைய ஆரம்பித்து, நடுவில் ஊசி கொடுக்க வேண்டி வந்தது. தேதி தவறாமல் வந்ததால் அதை உடனே பிடித்தார்கள். காத்திருப்பது என்றால் வீட்டில் இருப்பது அல்ல.

இவருடைய அப்பாவுக்கு வலது கண் 6/18. அங்கே நடையும் உணவும் வேண்டும், ஆனால் அவை மட்டும் போதாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றும் சீராக இருந்தால் ஊசியின் எண்ணிக்கை குறைய வழி உண்டு. அப்பாவின் மாத்திரையில் பயோகிளிடசோன் இருக்கிறதா என்று பாருங்கள். அது உடலில் நீரைத் தங்க வைக்கும், கண் வீக்கத்தையும் கூட்டலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், சர்க்கரை டாக்டரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

அப்புறம் உங்கள் கணக்கு. நான் சொன்ன 660 பேர் ஆய்வில், 6/15 அல்லது அதற்கும் மோசமான பார்வையில் ஆரம்பித்தவர்களுக்கு முதல் வருடத்தில் அஃப்லிபெர்செப்ட் கூடுதல் பலன் தந்தது. அதை மறைக்கக் கூடாது, சித்தப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் 2022-ல் அடுத்த ஆய்வு வந்தது. அதே மோசமான பார்வை உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு அவாஸ்டினில் ஆரம்பித்து, பலன் போதவில்லை என்றால் மட்டும் அஃப்லிபெர்செப்டுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடக் கடைசியில் பார்வையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் அவாஸ்டினில் ஆரம்பித்த கண்களில் சுமார் 70 சதவீதம் நடுவில் மாற வேண்டியிருந்தது.

அதனால் விலை குறைந்ததில் ஆரம்பியுங்கள். ஆனால் வருடம் முழுக்க 54,000 தான் என்று எழுதி வைக்காதீர்கள். மாற வேண்டி வந்தால் என்று தனியாக ஒரு தொகை நிற்கட்டும்.

சாத்தூர் மகள் | 2024 ஜூன் 12

சீட்டில் பயோ என்று ஒரு மாத்திரை இருக்கிறது, மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை. நாளைக்கே கேட்கிறேன்.

சாத்தூர் மகள் | 2024 ஜூன் 23

சர்க்கரை டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார்.

முதல் ஊசி போட்டாகிவிட்டது, அவாஸ்டின். அப்பா பயந்த அளவுக்கு இல்லை. மரத்துப்போக சொட்டு விட்டார்கள், பழுப்பு மருந்தால் கண்ணைக் கழுவினார்கள், இமை மூடாமல் ஒரு கிளிப். கருவிழி ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வெள்ளைப் பகுதியில் குத்தினார்கள். போகும் மருந்து 0.05 மில்லி, ஒரு சொட்டு அளவுதான். ஊசியை விட அந்தப் பழுப்பு மருந்துதான் சாயங்காலம் வரை எரிந்தது என்றார். கண்ணுக்குள் கருப்பு உருண்டைகள் மிதந்ததாம், மறுநாள் போய்விட்டது.

ஒன்று கவனித்தேன். அவாஸ்டின் எல்லா நாளும் போடுவதில்லை. அது புற்றுநோய்க்காக வந்த மருந்து, பெரிய குப்பியாக வருகிறது. ஒரு குப்பியைப் பல பேருக்குப் பிரித்துப் போடுவதால் குறிப்பிட்ட கிழமையில் எல்லோரையும் ஒன்றாக வரச் சொல்கிறார்கள். அந்த நாளை விட்டால் அடுத்தது எப்போது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விலை குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

மண்வாசனை | 2024 ஜூன் 24

பிரித்துப் போடுவதா? அதில் கிருமி வந்து 2016-ல் குஜராத்தில் பிரச்சினை ஆயிற்றே. அரசாங்கமே எச்சரித்ததே.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2024 ஜூன் 24

எச்சரித்தார்கள், அதே வருடம் திரும்பப் பெற்றும் கொண்டார்கள். ஆனால் உங்கள் கேள்வி தேவையான கேள்விதான். எங்கே, யார், எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கிருமியில்லாத பெட்டிக்குள் வைத்துப் பிரித்து, ஒவ்வொரு சிரிஞ்சையும் தனியாக மூடி, அன்றே பயன்படுத்தும் இடமா என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த மருந்தானாலும் உள்ளே தொற்று வரும் வாய்ப்பு உண்டு, ஆனால் ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று என்ற அளவில். அடையாளம் இதுதான்: ஊசி போட்ட மறுநாள் நன்றாக இருந்து, இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வலி கூடிக்கொண்டே போவது, கண் சிவப்பது, பார்வை மங்குவது. அப்படி வந்தால் மறுநாள் ஓபி திறக்கட்டும் என்று இருக்கக் கூடாது, ராத்திரியானாலும் போக வேண்டும். ஊசி குத்திய இடத்தில் மட்டும் ரத்தத் திட்டு தெரிந்தால் அது ஒன்றுமில்லை, வாரத்தில் கலையும்.

சாத்தூர் மகள் | 2024 ஆகஸ்ட் 25

மூன்று ஊசி முடிந்தது. வலது கண் 486-லிருந்து 372-க்கு வந்திருக்கிறது. பார்வை 6/18-லிருந்து 6/12. பேப்பரின் தலைப்பை எல்லாம் அந்தக் கண்ணால் மட்டும் படித்துக் காட்டினார்.

அதோடு "போதும்மா, நல்லாத் தெரியுது" என்கிறார். இது எனக்குப் பெரிய கவலை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் இடது கண் நன்றாக இருப்பதால் அவருக்கு எல்லாம் தெரியும். வலதில் வீக்கம் திரும்பினாலும் அவர் உணரப்போவதில்லை. தினமும் காலையில் தேதி கிழிக்கும்போது ஒரு கண்ணைக் கையால் மூடி, நாள்காட்டியில் ராகுகால வரியைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்து மறு கண். எழுத்து நெளிந்தோ நடுவில் விட்டுப்போயோ தெரிந்தால் சொல்ல வேண்டும்.

டாக்டர் நான்காவதையும் போடச் சொன்னார். 372 என்பது வறண்ட கண் அல்ல, பாதி வழிதான் என்றார். இப்போதே வேறு மருந்துக்கு மாற்றவா என்று கேட்டேன். குறைந்துகொண்டே வருகிறது, குறைவது நிற்கும்போது பார்ப்போம் என்றார்.

ஷார்ஜா செல்வம் | 2024 ஆகஸ்ட் 27

என் கதையையும் எழுதுகிறேன். எனக்கு வீக்கத்தோடு, கண்ணுக்குள் புதிய ரத்தக் குழாய்களும் முளைத்திருந்தன. டாக்டர் ஊசியும் போட்டார், லேசரும் போட வேண்டும் என்றார். ஊசி போட்டதும் வீக்கமும் போனது, குழாய்களும் சுருங்கின. விசா வந்துவிட்டது. லேசரை வந்து போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அங்கே இன்சூரன்ஸில் இது வரவில்லை, லீவும் கிடைக்கவில்லை. மாதங்கள் ஓடின. ஒரு நாள் காலையில் இடது கண்ணில் புகை மாதிரி ஓடியது. ஊருக்கு வந்து பார்த்தபோது உள்ளே ரத்தம் கசிந்து, நரம்பையும் இழுத்துப் பிரித்துவிட்டது என்றார்கள். பெரிய ஆபரேஷன், எண்ணெய் வைத்தார்கள். இப்போது அந்தக் கண்ணில் கை அசைவது தெரியும். எல்லாம் சேர்த்து ஆன செலவு நான் மிச்சம் பிடித்ததை விடப் பல மடங்கு.

யாராவது வெளிநாடு போவதாக இருந்தால், போகும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2024 ஆகஸ்ட் 27

செல்வம் தம்பி, இதை எழுதியதற்கு நன்றி. இதில் இரண்டு நோய் கலந்திருக்கிறது, அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வெறும் வீக்கம் மட்டும் உள்ளவர்கள் தேதி தவறினால் நீர் திரும்பக் கோக்கும். மெதுவாகக் கெடும். புதுக் குழாய் முளைத்தவர்களுக்கு ஊசியை மட்டும் நம்பிவிட்டு வராமல் இருந்தால் திடீரென்று கெடும். மருந்து கரைந்ததும் குழாய்கள் மறுபடியும் வளரும், நார் கட்டி நரம்பை இழுக்கும். ஆறு மாதத்துக்கு மேல் வராமல் இருந்தவர்களை 2019-ல் ஒரு குழு ஒப்பிட்டுப் பார்த்தது. லேசர் போட்டுக்கொண்டு காணாமல் போனவர்களை விட ஊசி மட்டும் போட்டுக்கொண்டு காணாமல் போனவர்களுக்குத்தான் நரம்பு பிரிவது அதிகம். லேசரின் பலன் நிலைக்கும், ஊசியின் பலன் நிலைக்காது.

ஒழுங்காக வர முடியாது என்று தெரிந்தவர்களுக்கு டாக்டர் லேசரையே முதலில் யோசிப்பார். அதனால் வர முடியாத நிலைமையை வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்வதுதான் நல்லது. நான் வேலையில் இருந்தபோது 2020 ஊரடங்கில் பார்த்தேன். பஸ் இல்லாமல் மாதக்கணக்கில் வர முடியாதவர்கள் திரும்பி வந்தார்கள். சிலருக்கு ஊசி போட்டதும் பார்வை திரும்பியது. சிலருக்கு ஸ்கேனில் நீர் முழுக்க வற்றியும் பார்வை திரும்பவில்லை.

சாத்தூர் மகள் | 2024 ஆகஸ்ட் 28

நீர் வற்றியும் பார்வை ஏன் திரும்பவில்லை?

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2024 ஆகஸ்ட் 28

ஒளியை வாங்கும் செல்கள் நீரில் ரொம்ப நாள் ஊறினால் செத்துப்போகும். நடுவில் மஞ்சள் கொழுப்புப் படிவும் தங்கிவிடும். மருந்து நீரை எடுக்கும், செத்த செல்லை உயிர்ப்பிக்காது. ராணிபிசுமாப் வந்த காலத்து ஆய்விலேயே இது தெரிந்தது. இரண்டு வருடம் மருந்தில்லாத வெறும் பாவனை ஊசி பெற்று, பிறகு உண்மையான மருந்து பெற்றவர்களுக்கு, முதலிலிருந்தே பெற்றவர்கள் அளவுக்குப் பார்வை கூடவில்லை.

ஒரு வாரம் தள்ளிப்போனதற்கெல்லாம் இப்படி ஆகிவிடாது, பயப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதங்கள், அதுவும் திரும்பத் திரும்ப என்றால்தான் சேதம் சேர்ந்துகொண்டே போகும்.

சாத்தூர் மகள் | 2024 நவம்பர் 3

கொஞ்ச நாளாக இங்கே வர முடியவில்லை. நான்காவது ஊசிக்குப் பிறகு கண் 338-க்கு வந்து நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த தேதிக்கு முன்னால் அப்பாவின் இடது காலில் புண் பெரிதாகி, சீழ் வைத்து அட்மிட் ஆகிவிட்டார். ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது. பணமும் அங்கே போனது, நானும் அங்கேயே இருந்தேன். கண் தேதி போய்விட்டது. நேற்றுதான் டிஸ்சார்ஜ்.

காலையில் நாள்காட்டியைப் படிக்கச் சொன்னேன். வலது கண்ணில் நடு எழுத்து தெரியவில்லை என்றார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2024 நவம்பர் 3

நாளைக்கே போன் செய்து தேதி வாங்குங்கள். காலில் புண் ஆறிக்கொண்டிருக்கிறது, ஆன்டிபயாடிக் போகிறது என்பதையும் சொல்லுங்கள். உடலில் தொற்று இருக்கும்போது ஊசி போடுவதா, சில நாள் தள்ளுவதா என்று அவர் முடிவு செய்வார். ஆனால் ஸ்கேனாவது எடுத்துவிடலாம். மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தாலும் இதே மாதிரி முதலிலேயே சொல்ல வேண்டும். அப்போது சில மாதம் இந்த மருந்தைத் தவிர்த்து ஸ்டீராய்டு பக்கம் போவார்கள்.

சாத்தூர் மகள் | 2024 நவம்பர் 17

ஸ்கேன் 461. பார்வை 6/24. ஜூனில் ஆரம்பித்த இடத்தை விடப் பார்வை கீழே.

பணம் இருக்கும்போதே அஃப்லிபெர்செப்டுக்கு மாறிவிடலாமா என்று நானே கேட்டேன். டாக்டர் சொன்னது எனக்குப் புதிது. "மருந்து கேக்காம போகலம்மா, மருந்து உள்ளேயே இல்ல. நாலு ஊசிக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. இடைவெளியால வந்த வீக்கத்தை மருந்தோட தோல்வின்னு கணக்கு வைக்கக் கூடாது" என்றார். அதனால் திரும்பவும் அவாஸ்டினே. மாதாமாதம் விடாமல் போட்டு, அப்போதும் வற்றவில்லை என்றால்தான் மாற்றுவாராம்.

இதே நிலையில் இருப்பவர்கள் மாற்றும் முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். தேதி தவறிய மாதங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மருந்து கேட்டதா இல்லையா? 6,000 ஊசியிலிருந்து 50,000 ஊசிக்குப் போவது சின்ன முடிவு அல்ல. தேதிகளையும் ஸ்கேன் எண்களையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததால் டாக்டர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார்.

மண்வாசனை | 2024 நவம்பர் 18

மனது கஷ்டமாக இருக்கிறது, தங்கச்சி. ஒன்று கேட்கிறேன். கண் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கால் டாக்டரிடம் கொடுத்திருந்தால் இரண்டும் ஒன்றாக நடந்திருக்குமா?

சாத்தூர் மகள் | 2024 நவம்பர் 18

அந்த ஆஸ்பத்திரியில் கண் பிரிவு இல்லை. இருந்தால் கேட்டிருக்கலாம். அங்கே யாரும் கண்ணைப் பற்றிக் கேட்கவும் இல்லை. இனி எந்த அட்மிஷன் என்றாலும் கண் நோட்டும் கூடவே போகும்.

சிவகாசி பாலிசி | 2024 நவம்பர் 20

நான் ஹெல்த் இன்சூரன்ஸ் முகவர். செலவைப் பற்றிப் பேசும் இடத்தில் இதை யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். கண்ணுக்குள் போடும் ஊசியை நவீன சிகிச்சைகள் பட்டியலில் சேர்த்து, பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ 2019-ல் விதி போட்டது. அதற்கு முன்பெல்லாம் 24 மணி நேரம் படுக்கவில்லை என்று சொல்லித் தட்டிவிடுவார்கள். இப்போது கேட்கலாம். ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். பல பாலிசிகளில் இதற்கென்று தனி உச்சவரம்பு இருக்கும், ஐந்து லட்சம் பாலிசி என்றாலும் அந்த வரம்புக்குள்தான் கிடைக்கும். அடுத்து, சர்க்கரை முன்பே இருந்த நோய் என்பதால் காத்திருப்புக் காலம். 2024-லிருந்து அது அதிகபட்சம் மூன்று வருடம்.

சாத்தூர் மகள் | 2024 நவம்பர் 21

தம்பி கம்பெனியில் பெற்றோருக்கும் குரூப் பாலிசி இருக்கிறது. கேட்கச் சொல்கிறேன்.

சாத்தூர் மகள் | 2025 ஜனவரி 26

விட்ட இடத்திலிருந்து மாதாமாதம் போட்டு வருகிறோம். ஸ்கேன் 349. நீர் முன்பு போலவே இறங்குகிறது, மருந்து கேட்கிறது. பார்வை 6/18-ல் நிற்கிறது. 6/12-க்குத் திரும்புமா என்று கேட்டேன். இன்னும் நான்கைந்து ஊசி போகட்டும், திரும்பலாம், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். நடுவில் சின்னதாக மஞ்சள் படிவு தெரிகிறதாம், ஜூன் ஸ்கேனில் அது இல்லை.

வற்றியதும் ஒரேயடியாக நிறுத்தாமல், இடைவெளியை நான்கு வாரத்திலிருந்து ஆறு, எட்டு என்று நீட்டிப் பார்ப்பாராம். எந்த இடைவெளியில் நீர் எட்டிப் பார்க்கிறதோ, அதற்குக் கொஞ்சம் முன்பே அடுத்த ஊசி. இப்படிச் செய்தால் வருடத்துக்கு எத்தனை தடவை போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரியும், லீவும் காரும் ஏற்பாடு செய்யலாம். எங்களைப் போல வெளியூரிலிருந்து போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

இடது கண் 335-லிருந்து 351. பார்வை அதே 6/7.5. இதில்தான் குழப்பம். எங்கள் டாக்டர் காத்திருக்கலாம் என்கிறார். தம்பி போய்க் கேட்ட இன்னொரு டாக்டர், வலது கண் இப்படி ஆன பிறகு இடதை விட்டுவைப்பானேன், இப்போதே ஆரம்பிக்கலாம் என்கிறார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர் | 2025 ஜனவரி 27

இரண்டு பேர் சொல்வதும் தவறில்லை. அந்த 702 பேர் ஆய்வுப்படி காத்திருக்கலாம், ஆனால் அதில் இருந்தவர்கள் தவறாமல் வந்தவர்கள். அப்பாவுக்குக் கால் மறுபடி படுத்தினால் உங்களால் வர முடியுமா? அதை நீங்கள்தான் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் காத்திருப்பேன், வலது கண்ணுக்கு மாதாமாதம் எப்படியும் போகிறீர்களே, அதே நாளில் இடதையும் பார்த்துவிடுகிறார்கள்.

ஷார்ஜா செல்வம் | 2025 ஜனவரி 27

நான் போட்டுவிடுவேன். இருக்கிற ஒரு நல்ல கண் அது.

சாத்தூர் மகள் | 2025 பிப்ரவரி 9

இடது கண்ணில் இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்று இருக்கிறோம்.

இன்சூரன்ஸ் பதில் வந்தது. குரூப் பாலிசியில் காத்திருப்புக் காலம் இல்லை, ஆனால் கண் ஊசிக்கு வருடத்துக்கு 50,000 தான் வரம்பு. அவாஸ்டினுக்கு ஏறக்குறையப் போதும், மாற வேண்டி வந்தால் ஒரே ஊசியில் தீர்ந்துவிடும். பாலிசி வருடம் ஏப்ரலில் புதுப்பிக்கப்படுகிறது. அதனால் மார்ச்சுக்குள் போடும் ஊசிகளை இந்த வருட வரம்பிலும், அதற்குப் பிறகு உள்ளதை அடுத்த வரம்பிலும் கேட்கலாம் என்று பாலிசி அண்ணன் சொன்னார். அவர்கள் கேட்ட காகிதங்கள்: ஊசி போடுவதற்கு முந்தைய ஸ்கேன், டாக்டர் கையெழுத்திட்ட காரணச் சீட்டு, மருந்தின் பேட்ச் எண் உள்ள பில், டிஸ்சார்ஜ் சம்மரி. பிரித்துப் போடும் மருந்துக்கு ஸ்டிக்கர் கிடைக்காது, அதனால் பில்லிலேயே பேட்ச் எண்ணை எழுதித் தரச் சொல்லி வாங்க வேண்டும். பழைய பில்களுக்கும் அதை எழுதித் தருவார்களா என்று புதன்கிழமை போகும்போது கேட்டுவிட்டு இங்கே போடுகிறேன்.